பழைய சோறும் பன்னிரண்டு நகல்களும்

மண்ணச்சநல்லூர் அரிசி மில் ஒன்றின் களத்தில் வள்ளிக்கண்ணு வேலை பார்த்தாள். அவித்த நெல்லை வெயிலில் பரப்பி, காலால் துழாவித் துழாவித் திருப்பி விடுவதுதான் வேலை. காய்ந்த பதம் சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. நெல் ஒன்றை எடுத்துப் பல்லில் வைத்துக் கடிப்பாள். "இன்னும் அரை மணி" என்பாள். அரை மணி கழித்து அள்ளினால் அரிசி உடையாமல் வரும். மேஸ்திரி மற்றப் பெண்களிடம் கத்துவார், இவளிடம் கேட்பார்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் இருந்தால் ஐந்தாவது ஆளாகச் சுவரோரம் நிற்பாள். அப்படிப்பட்டவள் ஒரு டஜன் நாட்டு மந்திரிகளுக்கு மனு அனுப்பினாள் என்று சொன்னால் அந்தக் களத்திலேயே பாதிப் பேர் நம்பவில்லை. ஆனால் அனுப்பினாள்.

அவள் புருஷன் தர்மராஜ் மலாயாவில் பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினான். ஐம்பத்தொன்றில் ஊருக்கு வந்து அவளைக் கட்டிக்கொண்டு, ஆறு மாதம் இருந்துவிட்டு, "வீடு கெடைச்சதும் கூப்பிட்டுக்கிறேன்" என்று கப்பலேறினான். வீடு கிடைத்த நேரத்தில், புதிதாக ஆட்கள் உள்ளே வருவதற்கு அங்கே சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். அவளுக்கு அனுமதி வரவில்லை. அடுத்த வருஷம், ஐம்பத்துநாலு நவம்பரில், அவனையே பிடித்துக்கொண்டு போய் முள்வேலி முகாமில் அடைத்துவிட்டார்கள்.

குற்றம் என்னவென்றால், சோறு. அப்போது மலாயாவில் அவசரகாலச் சட்டம். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாது என்று, தோட்டத்துக் கேட்டைத் தாண்டி ஒரு பிடி அரிசியோ சோறோ யாரும் எடுத்துப் போகக்கூடாது என்று கட்டளை. மற்ற ஊர்க்காரன் பசியோடு போவான். தர்மராஜோ மண்ணச்சநல்லூரில் பிறந்தவன், காலையில் பழைய சோறு இல்லாமல் கை ஓடாது. தூக்குச்சட்டியில் பழைய சோறும் இரண்டு சின்ன வெங்காயமும் வைத்து, மேலே பால் வாளியைக் கவிழ்த்து மறைத்துக்கொண்டு போனான். மூன்றாம் நாள் மாட்டிக்கொண்டான். தோட்டத் தொழிலாளர் சங்கத்துக் கிளைச் செயலாளர் வேறு. கேட்க வேண்டுமா?

கோர்ட்டுக்கு அவனைக் கொண்டுபோகவே இல்லை. இரண்டு வருஷக் காவல் என்று ஒரு தாள் வந்தது, அவ்வளவுதான்.

ஐம்பத்தாறு ஜூலையில் முகாமிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நடுநடுவே கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். அடிக்காமல் விட்ட இடத்தில் இப்படி இருந்தது: 'காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு கொடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்புகிறார்களாம். போடாவிட்டால் நவம்பரில் இன்னும் இரண்டு வருஷம். நான் கொடுக்கவில்லை. போட மனசு வரவில்லை. உனக்காக வேண்டுமானால் போடுகிறேன். நீ சொல்வதுபோல் செய்கிறேன்.'

மாமனார் நல்லதம்பி வாசலில் உட்கார்ந்து கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"போட்டுட்டு வரச் சொல்லு. ஒரு கையெழுத்துதானே. அதைப் போட்டா கை ஒடிஞ்சா போயிடும்?"

"கொடுக்காததைக் கொடுத்தேன்னு எப்படி மாமா போடறது?"

"அங்க போட்டது இங்க யாருக்குத் தெரியப் போவுது புள்ள? கடலுக்கு அந்தப் பக்கம் போட்டது."

வள்ளிக்கண்ணு பதில் சொல்லவில்லை. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அவள் எழுதிய பதிலில் ஒரே வரிதான்: 'போடாதீங்க. நான் பாத்துக்கிறேன்.'

கடிதத்தைத் தபால்பெட்டியில் போட்டு வந்த பிறகுதான் யோசித்தாள். எதைப் பார்த்துக்கொள்வது? யாரைப் போய்ப் பார்ப்பது? இனி அவன் முள்வேலிக்குள் கழிக்கிற ஒவ்வொரு நாளும் அவள் சொல்லால் கழிகிற நாள். அவன் பாட்டுக்குப் போடாமல் இருந்திருந்தால் அது அவன் பாடு. இப்போது இது அவள் பாடு.

திருச்சி கண்டோன்மென்ட்டில் கோர்ட்டுக்கு எதிரே வக்கீல் ஜெகபர் சாதிக் ஆபீஸ் வைத்திருந்தார். அவர் வீட்டு ஆட்கள் பினாங்கில் கடை வைத்திருந்ததால் மலாயா வழக்கென்றால் அவரிடம்தான் போவார்கள். வள்ளிக்கண்ணு இரண்டு வாரத்தில் நாலு நாள் கூலி விட்டு, நாலு தடவை போய், நாலாவது தடவைதான் வாயைத் திறந்தாள். அதுவரை பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள்.

"நீங்க கட்சிக்காரங்களா, இல்ல பெஞ்சு சரியா இருக்கான்னு பாக்க வர்றீங்களா?" என்று கேட்டார் வக்கீல்.

அவள் கடிதத்தை நீட்டினாள். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தியா கோர்ட்டு ஒண்ணும் பண்ண முடியாதும்மா. இங்க இருக்கற ஜட்ஜ் உத்தரவு அந்த வேலிக்குள்ள போகாது. அங்க இருக்கற கோர்ட்டு, சட்டப்படிதான் புடிச்சிருக்காங்கன்னு சொல்லிடும். சட்டமே அப்படித்தான் போட்டிருக்கான்."

"போட்டது யாருங்க?"

"மலாயா சர்க்கார். அதாவது பிரிட்டிஷ்காரன்."

"அவன் ஊர்ல இப்படிப் புடிச்சு வைப்பானாங்க?"

வக்கீல் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். பிறகு எழுந்து அலமாரியிலிருந்து ஒரு பழைய பேப்பரை எடுத்து வந்தார். மே மாதப் பேப்பர். சைப்ரஸ் என்ற தீவில் பிரிட்டிஷ்காரர்கள் செய்கிற கெடுபிடிக்காக, கிரீஸ் நாடு பிரிட்டன் மேல் ஐரோப்பிய மனித உரிமைக் கமிஷனில் புகார் கொடுத்திருப்பதாகச் செய்தி. அதோடு லண்டனில் படிக்கிற அவருடைய மருமகன் அனுப்பிய ஒரு மெலிந்த புத்தகமும் இருந்தது. அந்தக் கமிஷனை உண்டாக்கிய ஒப்பந்தம் அதில் அச்சாகியிருந்தது.

"கேளுங்க. உலக யுத்தம் முடிஞ்சப்பறம் ஐரோப்பாவுல சில நாடுங்க சேந்து கையெழுத்துப் போட்டுக்கிட்டாங்க. தங்க அதிகாரத்துக்குக் கீழ இருக்கற எல்லாருக்கும் இன்னின்ன உரிமை உண்டுன்னு. காரணமில்லாம அடைக்கக்கூடாது, அடைச்சா கோர்ட்டுல கேக்க விடணும், இப்படி. கவனிச்சீங்களா, தங்க பிரஜைகளுக்குன்னு போடல. அதிகாரத்துக்குக் கீழ இருக்கற எல்லாருக்கும்."

"அவங்க நாட்டுக்குள்ளதானங்க?"

"அங்கதான் விஷயம். வெளிநாட்டு விவகாரத்துக்குத் தான் பொறுப்பா இருக்கற மத்த இடங்களுக்கும் இது செல்லும்னு ஒரு நாடு தனியா எழுதிக் குடுக்கலாம். குடுத்தாத்தான் செல்லும். தானா போய் ஒட்டிக்காது. சைப்ரஸுக்குப் பிரிட்டன் குடுத்திருக்கு, அதனாலதான் கிரீஸ் புகார் பண்ண முடிஞ்சுது. மலாயாவுக்கும் குடுத்திருக்கும்னு என் சந்தேகம். கேட்டுப் பாத்துடலாம்."

"அப்ப என் வீட்டுக்காரருக்கும் அது உண்டுங்களா? ரப்பர் வெட்டறவருக்கு?"

"புஸ்தகத்துல தொழில் போடலியேம்மா" என்றார் வக்கீல்.

வள்ளிக்கண்ணு முதல் தடவையாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

கமிஷனுக்கு மனு எழுதும்போது வக்கீல் சட்டத்தைச் சொன்னார், அவள் சோற்றைச் சொன்னாள். அதுவரை யாரும் கேட்காத கணக்கு அது.

"காட்டுல இருக்கறவனுக்கு எடுத்துட்டுப் போறவன் அரிசியா எடுத்துட்டுப் போவான் வக்கீலய்யா. இடுப்புல கட்டுனா பத்து நாளைக்கு நிக்கும். பழைய சோத்தைத் தண்ணியோட எவனாவது எடுத்துட்டுப் போவானா? அந்த வெயில்ல உச்சிப்பொழுதுக்குள்ள பொங்கிப் புளிச்சு நாறிடும். அதை அங்கனயே குந்தித் திங்கத்தான் முடியும். என் வீட்டுக்காரர் எடுத்துட்டுப் போனது அவர் வயித்துக்கு. அதை எழுதுங்க."

வக்கீல் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "இதுக்குத்தான் நாலு நாள் பெஞ்சுல உக்காந்து யோசிச்சீங்களா?"

"இல்லீங்க. பேச வரல, அதான் உக்காந்திருந்தேன்."

டைப் அடித்தது பாலக்கரையில் வியாகுலம்மாள். ஒற்றை அறையில் இரண்டு மெஷின். சுவரில் மாதா படம். கோர்ட்டு மனுக்கள் அடித்து அடித்து விரல் முனை தடித்தவள். அடித்து முடித்ததும் முதல் பக்கத்தில் ஒரு கோர்ட் ஃபீ ஸ்டாம்பை நாக்கால் தொட்டு ஒட்டினாள்.

"இது பிரான்ஸுக்குப் போவுது அக்கா" என்றாள் வள்ளிக்கண்ணு. கமிஷன் இருந்தது ஸ்ட்ராஸ்பர்க் என்ற ஊரில்.

"போகட்டுமே. ஸ்டாம்பு இல்லாத மனுவை எந்தக் குமாஸ்தா கையால தொடுவான்? முப்பது வருஷமா அடிக்கிறேன், எனக்குத் தெரியாதா."

அப்படியே போயிற்று.

அக்டோபரில் பதில் வந்தது. தடித்த உறை, வழவழப்பான காகிதம். வியாகுலம்மாள் ஒட்டிய ஸ்டாம்பை ஒரு சேதமும் இல்லாமல் பெயர்த்தெடுத்துக் குண்டூசியால் குத்தித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கட்டணம் எதுவும் கிடையாது என்று ஒரு வரி.

வக்கீல் படித்துக்காட்டினார். மலாயாக் கூட்டாட்சிக்கு அந்த ஒப்பந்தம் ஐம்பத்துமூன்று அக்டோபரிலிருந்து செல்லும் என்று பிரிட்டன் அறிவித்திருக்கிறது. அங்கே நெருக்கடி நிலை இருப்பதால் சில உரிமைகளை விலக்கி வைத்திருப்பதாக ஐம்பத்துநாலு மே மாதம் ஒரு குறிப்பும் கொடுத்திருக்கிறது. ஆனால் தனிமனிதர்கள் நேராக மனுச் செய்யும் உரிமையை, பிரிட்டன் இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆகவே தங்கள் மனுவைக் கமிஷன் எடுத்துக்கொள்ள இயலாது.

"அதாவது?" என்றாள்.

"உரிமை இருக்கு. கேக்கற கதவு உங்களுக்கு இல்ல."

"உரிமை இருக்குன்னு எழுதியே குடுத்திருக்காங்களா?"

"குடுத்திருக்காங்க. கூடவே நெருக்கடின்னு ஒரு ஓட்டையும் இருக்கு. ஆனா அந்த ஓட்டைக்கும் அளவு போட்டிருக்கு. நெலமைக்குக் கண்டிப்பா எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான் விலக்கலாம், அதுக்கு மேல கூடாது. உங்க வீட்டுக்காரர் வேலை பாத்த ஜில்லாவுல கட்டுப்பாட்டையெல்லாம் எடுத்துட்டாங்க. வெள்ளைப் பகுதின்னு அறிவிச்சாச்சு. அங்க இப்ப சோறு எடுத்துட்டுப் போறது குத்தமே இல்ல. அப்பறம் எதுக்கு இவரை உள்ள வச்சிருக்கணும், எதுக்குக் கையெழுத்துக் கேக்கணும்? நல்ல கேள்விதான். கேக்கறதுக்குத்தான் ஆளில்ல. கிரீஸ் மாதிரி ஒப்பந்தத்துல சேந்த நாடுதான் கேக்க முடியும். இந்தியா அதுல இல்ல."

வள்ளிக்கண்ணு ஸ்டாம்பிலிருந்த குண்டூசியை விரலால் திருகினாள்.

"கிரீஸ்காரங்க, அவங்க ஆளுங்களுக்காக மட்டும்தான் கேக்கணுங்களா?"

வக்கீல் மெலிந்த புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பிரிவை விரலால் தொட்டு இரண்டு தடவை படித்தார். ஒப்பந்தத்தில் சேர்ந்த எந்த நாடும், சேர்ந்த வேறெந்த நாடு செய்த மீறலைப் பற்றியும் புகார் கொடுக்கலாம் என்றுதான் இருந்தது. பாதிக்கப்பட்டவன் யார் ஆள், எந்த ஊர் என்று ஒன்றுமே இல்லை.

"இல்லம்மா" என்றார் மெதுவாக. "யாருக்காகவும் கேக்கலாம்."

"எத்தினி நாடுங்க சேந்திருக்கு?"

"பிரிட்டனை விட்டா ஒரு டஜன்."

"நம்ம ஊர்ல ஒரு மனு போட்டா கீழ நகல் நகல்னு போட்டு கலெக்டரு, தாசில்தாரு, மந்திரின்னு எல்லாருக்கும் அனுப்புறோமில்லீங்களா. அதே மாதிரி பன்னெண்டு நகல் அனுப்புங்க."

"பைத்தியக்காரத்தனம்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும். அவங்க போட்ட கையெழுத்துக்கு அவங்க நிக்கட்டும். போடாத கையெழுத்துக்கு நாங்க நிக்கறமில்ல?"

வியாகுலம்மாள் கார்பன் வைத்து அடித்தாள். ஒரு தடவைக்கு நாலு நகல்தான் விழும். மூன்று தடவை அடித்தாள். ஸ்டாம்பு திரும்பி வந்ததில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். "கடைசித் தடவை அடிச்சதுல நாலாவது நகல் புகை மாதிரி இருக்கு. அதை எந்த நாட்டுக்கு அனுப்பறது?"

"இருக்கறதுலயே சின்ன நாட்டுக்கு அனுப்புங்க அக்கா. அவங்களுக்கு வேலை கம்மியா இருக்கும், உத்துப் பாத்துப் படிப்பாங்க."

உள்ளூர்த் தபாலாபீசில் கொடுத்தால் மாமனார் காதுக்கு வெயில் சாய்வதற்குள் போய்விடும். அதனால் வழியில் ஸ்ரீரங்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். ரிஜிஸ்டர் ஜன்னலில் நாமம் போட்ட ஸ்ரீரங்கராஜன் உட்கார்ந்திருந்தார். உறைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"ஏதென்ஸ். ஆஸ்லோ. ரோம். டப்ளின். ஏம்மா, இதெல்லாம் யாரு?"

"மந்திரிங்க சாமி."

"உனக்கு உறவா?"

"இனிமேதான் ஆகணும்."

அவர் சிரிக்காமல் இருக்க முயன்றார். "பெருமாளுக்கே நூத்தியெட்டு ஊர்தான். நீ ஒரே நாள்ல பன்னெண்டு முடிச்சுட்டே." ஆனால் ஒவ்வொரு உறையையும் எடை போட்டு, விலாசத்தை உரக்கப் படித்துச் சரிபார்த்து, பன்னிரண்டு ரசீதையும் தானே அடுக்கி நூல் கட்டிக் கொடுத்தார்.

நவம்பரில் தர்மராஜின் காவலை இரண்டு வருஷம் நீட்டினார்கள். அந்தச் செய்தி வந்த அன்றைக்குத்தான் நல்லதம்பிக்கு விஷயம் தெரிந்தது. மகன் கடிதத்தில் 'நீ போடாதே என்று எழுதியது சரிதான்' என்று இருந்தது. அவளே படித்துக்காட்டினாள். அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கலாம். தாண்டவில்லை.

கிழவர் கடிதத்தை வாங்கி மடித்தார். பிறகு, "நான் சாவறதுக்குள்ள என் புள்ள மூஞ்சியைப் பாக்கக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டியா?" என்றார்.

"பாப்பீங்க மாமா."

"எப்ப?"

"தெரியல. ஆனா தலை குனிஞ்சு வரமாட்டாரு."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். ஒரு மாதம் அவளிடம் பேசவில்லை. அவள் வைத்த சோற்றைச் சாப்பிட்டார், அவ்வளவுதான். களத்தில் பெண்கள் கேலி செய்தார்கள். "வள்ளி, நார்வேக்காரன் பதில் போட்டானா? நெல்லு வெல கேட்டானா?" அவள் நெல்லைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் காயணும்" என்பாள். நெல்லைச் சொல்கிறாளா மந்திரியைச் சொல்கிறாளா என்று அவர்களுக்குப் புரியாது.

பன்னிரண்டில் ஒன்பது நாடுகளிடமிருந்து ஒன்றுமே வரவில்லை. இரண்டு நாடுகள் கிடைத்தது என்று மட்டும் எழுதின. ஜனவரிக் கடைசியில், புகை மாதிரி நகல் போன அந்தச் சின்ன நாட்டிலிருந்து நாலு வரி வந்தது. புகார் கொடுக்க எண்ணமில்லை; ஆனால் தங்கள் கடிதத்தை லண்டனில் உள்ள எங்கள் தூதர் மூலம் பிரிட்டிஷ் அரசுக்கு அனுப்பி, விவரம் கேட்டிருக்கிறோம்.

வக்கீல் அதை மூன்று தடவை படித்தார். "வேற நாட்டுத் தூதர் கேட்டா பதில் சொல்லியாகணும். லண்டன்காரன் கோலாலம்பூரைக் கேப்பான். கோலாலம்பூர்க்காரன் ஃபைலைத் தேடணும். உங்க வீட்டுக்காரர் ஃபைல் இப்ப மேல வந்திருக்கும்."

"மேல வந்தாப் போதுமாங்க?"

"போதாது. அவர் அங்க மறுபரிசீலனைக் குழுவுக்கு ஆட்சேபம் எழுதிக் குடுக்கணும். அதுக்கு அவருக்குச் சட்டப்படி உரிமை இருக்கு. ஸ்ட்ராஸ்பர்க் கடுதாசி நகலை வச்சுக் குடுக்கச் சொல்லுங்க. அங்க உள்ள கோர்ட்டு இந்த ஒப்பந்தத்தைச் சட்டமா எடுத்துக்காது. ஆனா குழு படிக்கும். ஒண்ணு மட்டும் மனசுல வைங்க. வர்ற ஆகஸ்ட்டு முப்பத்தொண்ணு மலாயாவுக்குச் சுதந்திரம். அன்னிக்கே அதோட வெளி விவகாரத்துக்குப் பிரிட்டன் பொறுப்பில்ல. ஒப்பந்தமும் அங்க செல்லாது. புதுசா வர்றவங்க கையெழுத்துப் போடலியே. அப்பறம் இந்தக் கடுதாசி வெறும் காகிதம்."

சுதந்திரம் வந்தால் புருஷனுக்கு இருக்கிற உரிமை போகும் என்றால் அது எப்படிச் சரி என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனால் கெடு என்றால் என்ன என்று தெரியும். மழை மேகம் கண்டால் நெல்லை எப்போது அள்ளுவது என்று தெரிந்தவள். அன்றே புருஷனுக்கு எழுதினாள். ஸ்ட்ராஸ்பர்க் கடிதத்தை வியாகுலம்மாள் எழுத்துக்கு எழுத்து டைப் அடித்துக் கொடுத்த நகலையும் சேர்த்து அனுப்பினாள். தணிக்கைக்காரர்கள் அதைக் கறுப்பு மையால் அடிக்கவில்லை. ஐரோப்பியக் கமிஷன் பேரை அடிக்க அவர்களுக்குக் கை வரவில்லை போலிருக்கிறது.

ஏப்ரலில் விசாரணை நடந்தது. என்ன நடந்தது என்று பிறகு தர்மராஜ் சொல்லித்தான் தெரியும்.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் முன்னால் ஒரு ஃபைல். அதில் மங்கலான ஒரு நகல். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தாராம்.

"மண்ணச்சநல்லூர் எங்கே இருக்கிறது?" என்று துபாஷி மூலம் கேட்டார்.

"திருச்சிக்குப் பக்கத்துல. அரிசிக்குப் பேர் போன ஊர்."

"உன் தூக்குச்சட்டியில் இருந்த சோறு எப்படிப்பட்டது?"

"ராத்திரித் தண்ணி ஊத்தி வச்ச சோறு."

"எவ்வளவு நேரம் கெடாமல் இருக்கும்?"

"உச்சிப்பொழுது வரைக்கும்."

அவர் இன்னொருவரிடம் ஏதோ இங்கிலீஷில் சொன்னார். அந்த இன்னொருவர், "கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக ஊருக்குப் போகலாமே, ஏன் மறுக்கிறாய்?" என்று கேட்டார்.

"என் வீட்டுல போட வேணாம்னு சொல்லிட்டாங்க" என்றான் தர்மராஜ்.

துபாஷி அதை மொழிபெயர்த்தபோது மூன்று பேரும் அந்த மங்கலான நகலைப் பார்த்தார்களாம்.

ஜூன் பதினேழாம் தேதி விடுதலை உத்தரவு. காரணம் ஒன்றும் சொல்லவில்லை. குழுவின் சிபாரிசா, லண்டன் கேள்வியா, சுதந்திரம் வருகிறது என்று முகாமைக் காலி செய்தார்களா, யாருக்கும் தெரியாது. வக்கீல்கூடத் தெரியாது என்றுதான் சொன்னார். தர்மராஜ் ஊர் வந்த பிறகு வள்ளிக்கண்ணு அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கையெழுத்து வாங்கினாங்களா?"

"பொருளெல்லாம் திரும்பக் கெடைச்சதுன்னு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

"அது போடலாம்" என்றாள்.

கப்பல் கூலி சேர்த்துக்கொண்டு, செப்டம்பர்க் கடைசியில் தர்மராஜ் சொந்த டிக்கெட்டில் நாகப்பட்டினத்தில் வந்து இறங்கினான். தலை நரைத்திருந்தது. வள்ளிக்கண்ணு அவனைப் பார்த்ததும் பெட்டியை வாங்கிக்கொண்டாள். ரயிலில் திருச்சி வரும்வரை இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார்கள். பழைய சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

வந்து நாலாம் நாள் ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்தார். கையில் அச்சடித்த தாள். மலாயாவிலிருந்து திரும்புகிறவர்களைப் பதிவு செய்வது வழக்கமாம்.

"இதுல ஒரு கையெழுத்து" என்று நல்லதம்பியிடம் நீட்டினார்.

கிழவர் தாளைத் தொடவில்லை. "என் மருமவகிட்டக் குடுங்க. இந்த வீட்டுல கையெழுத்து விஷயமெல்லாம் அது பாக்கறது."

வள்ளிக்கண்ணு உள்ளேயிருந்து வந்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். பேர், வயது, ஊர். அதன் கீழே 'நாடு கடத்தப்பட்டவர்' என்று அச்சடித்திருந்தது.

"இவரை யாரும் கடத்தலீங்க. தானா வந்தாரு."

"எல்லாருக்கும் இதே தாள்தாம்மா. ஒரு வார்த்தைதானே."

"ஒரு வார்த்தைக்காகத்தான் ஏழு மாசம் கூட இருந்தாரு."

போலீஸ்காரர் பொறுமை இழந்தார். "இதப் பாரும்மா, மேல எடத்துக்குப் போக வேண்டியது. அச்சடிச்சதை நான் மாத்த முடியாது."

அவள் உள்ளே போனாள். விடுதலை உத்தரவு, கப்பல் டிக்கெட் அடிக்கட்டை, குண்டூசி குத்திய ஸ்டாம்போடு ஸ்ட்ராஸ்பர்க் கடிதம், நூல் கட்டிய பன்னிரண்டு ரசீது, எல்லாவற்றையும் கொண்டுவந்து கயிற்றுக் கட்டிலில் ஒவ்வொன்றாக வைத்தாள். சுவரோரம் நிற்கிற பழக்கமுள்ளவள் அன்றைக்கு வாசல் நடுவில் நின்றாள்.

"உத்தரவுல விடுதலைன்னு இருக்கு. நீங்க கடத்தல்னு எழுதணும்னா அதுக்கு உத்தரவு காட்டுங்க. இல்லாட்டி, இந்தாங்க, இத்தினி பேருக்கு எழுதுன கை எனக்கு. உங்க மேல எடத்துக்கும் ஒரு நகல் அனுப்புறேன்."

போலீஸ்காரர் ரசீதுகளைப் புரட்டினார். "ஏதென்ஸா?"

"அது கிரீஸ்ல இருக்கு" என்றார் நல்லதம்பி, தெரிந்தவர் மாதிரி.

போலீஸ்காரர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். அச்சடித்திருந்த வார்த்தையை அடித்தார். மேலே 'தாமாகத் திரும்பியவர்' என்று எழுதி, ஓரத்தில் தன் இனிஷியலைப் போட்டார். வள்ளிக்கண்ணு வாங்கிப் படித்தாள். அவசரப்படவில்லை. நெல்லைக் கடித்துப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள்.

பிறகு புருஷனிடம் நீட்டினாள். "இப்பப் போடுங்க."